சுமாராக முடிந்த வள்ளப் பழுதுவேலைக்குப் பட்டறைக்காரருக்கு எழுதிய கருத்துக் கடிதம்: மண்டபம் வடகடல் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மண்டபம் வடகடல் கரையில் நாட்டுப்படகுத் தொழில் செய்யும் குழு ஒன்று, தன் இரண்டு பைபர் வள்ளங்களைத் தென்கடல் பக்கம் உள்ள ஒரு பட்டறையில் பழுதுபார்க்கக் கொடுத்தது. வேலை கெட்டுப்போகவில்லை, சிறப்பாகவும் அமையவில்லை. அந்தப் பட்டறையோடு உறவை முறிக்க வேண்டிய தேவையும் இல்லை, நடந்ததைச் சொல்லாமல் விடுவதும் நியாயமில்லை என்ற நிலையில், பட்டறை மேஸ்திரிக்கு எப்படிக் கருத்துச் சொல்வது என்ற கேள்வி எழுந்தது. குழுவின் கணக்கையும் கடிதங்களையும் எழுதும் பொறுப்பு என்னிடம் இருப்பதால் அந்தக் கடிதத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. கடிதம் எப்படி உருவானது, அதில் எதைச் சேர்த்தோம், எதை விட்டோம், மேஸ்திரி என்ன பதில் சொன்னார் என்பவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் கரையில் மோசமான வேலையைப் பற்றிப் பேச யாரும் தயங்குவதில்லை. சத்தம் போட்டுச் சண்டையிட்டு வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். நல்ல வேலைக்கும் வார்த்தை இருக்கிறது. சுமாரான வேலைதான் சொல்லப்படாமல் போகிறது. பட்டறைகள் சில மட்டுமே இருக்கின்றன. மேஸ்திரி பெரும்பாலும் ஏதோ ஒரு வழியில் உறவுக்காரராகவோ, அப்பா காலத்திலிருந்து பழகியவராகவோ இருப்பார். அதனால் அவர் முகத்துக்கு நேரே 'பரவாயில்லண்ணே' என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, குறையைத் தேநீர்க் கடையில் பத்துப் பேரிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது நான்காவது வாய் வழியாக அவர் காதுக்கு வந்து சேரும்போது, திருத்திக்கொள்ளக்கூடிய எந்த விவரமும் அதில் மிஞ்சியிருக்காது. வருத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

ஒப்புக்கொண்டது என்ன

முதல் வள்ளத்தில் அடியில் ஓடும் ஏராக்கட்டைப் பகுதி தேய்ந்திருந்தது. வடகடல் ஆழம் குறைந்த கடல் என்பதால், வற்றம் வரும்போது கரையோரம் கட்டிய வள்ளம் தரைதட்டும். மணலில் இழுத்து ஏற்றும்போதும் அதே இடம்தான் உரசும். ஏறத்தாழ ஐந்தடி நீளத்துக்கு மேல்பூச்சு போய், உள்ளிருந்த பைபர் இழைகள் வெளியே தெரிந்தன. இரண்டாவது வள்ளத்தில் எஞ்சின் மாட்டும் பின்பலகை இளகிவிட்டது. பைபர் உறைக்குள் இருக்கும் மரப்பலகையில் எஞ்சின் போல்ட்டுத் துளை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கினால், வெளியே பார்க்க நன்றாக இருக்கும்போதே உள்ளே மரம் உளுத்துவிடும். எஞ்சினைப் பிடித்து ஆட்டினால் பலகையும் சேர்ந்து அசைந்தது.

மார்ச் முதல் வாரத்தில் குழுவின் செயலாளரும் மேஸ்திரியும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். இரண்டு வேலைக்கும் சேர்த்து 52,000 ரூபாய். முன்பணம் 20,000, பின்பலகையைத் திறந்தபின் மார்ச் 24 அன்று 20,000, வள்ளத்தை எடுக்கும்போது 12,000. இரண்டு வள்ளங்களும் ஏப்ரல் 8 அன்று தயாராக வேண்டும்.

அந்தத் தேதிக்குக் காரணம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்தக் காலத்தில் கடலும் கிடைக்கும், மீனுக்கு விலையும் கிடைக்கும். எஞ்சினைப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, வலையை ஏற்ற ஒரு வாரம் வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் 8ஆம் தேதி என்று எழுதினார்கள்.

முதல் வள்ளம் ஏப்ரல் 7 அன்றே வந்துவிட்டது. இரண்டாவது வள்ளம் 16ஆம் தேதிதான் வந்தது. தாமதமாகும் என்ற செய்தியே 8ஆம் தேதி காலையில் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோதுதான் தெரிந்தது. கணக்கு முடிக்கும்போது 57,800 ரூபாய்க்குச் சீட்டு வந்தது. ஒப்புக்கொண்டதைவிட 5,800 ரூபாய் அதிகம்.

வேலையைச் சோதித்தது

கருத்துச் சொல்வதற்கு முன் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் குழுவின் மூத்த ஓட்டுநர் ஒருவர் உறுதியாக இருந்தார். அவர் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, பழுதுபார்த்த இடம் முழுவதையும் விரல் அகலம் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே போனார். பைபர் அடுக்குகள் ஒன்றோடொன்று முழுமையாக ஒட்டியிருந்தால் நாணயம் 'டிங்' என்று கூர்மையாக ஒலிக்கும். அடுக்குகளுக்கு நடுவே காற்றோ ஈரமோ சிக்கியிருந்தால் ஒலி மழுங்கி, 'டொக்' என்று அமுங்கும். முதல் வள்ளத்தின் ஏரா முழுவதும் ஒரே ஒலி. இரண்டாவது வள்ளத்தின் பின்பலகையில், உள்பக்கம் இடது கீழ்மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒலி மாறியது. அவர் அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். பிறகு நடந்த பேச்சில் எங்களுக்கு மிக உதவியாக இருந்தது அந்தப் பென்சில் கோடுதான்.

பின்பலகையை ஓங்கிக் குத்தியும், எஞ்சினை மாட்டி முழு வேகத்தில் ஓட்டியும் பார்த்தோம், அசைவில்லை. ஏராவில் ஒட்டு விளிம்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவினால் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய பைபரைப் படிப்படியாகச் சாய்வாகத் தேய்த்து, அந்தச் சாய்வின்மேல் பைபர் இழை விரிப்பான மேட்டைப் புதிய அடுக்குகளாகப் போட்டால்தான் இப்படி வரும். ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்துக்குச் சுற்றிலும் ஏழு சென்டிமீட்டராவது சாய்வு விட்டுத் தேய்க்க வேண்டும். பல பட்டறைகளில் அந்தத் தேய்ப்பைச் சுருக்கி, மேலோட்டமாக ஒட்டுப் போட்டு ஜெல்கோட் என்ற மேல்பூச்சைப் பூசிவிடுவார்கள். பூசியபின் வெளியே தெரியாது. நாளடைவில் விளிம்பு தூக்கும். இந்த மேஸ்திரி அதைச் சுருக்கவில்லை என்பதற்கு இன்னொரு ஆதாரமும் இருந்தது. யாரும் கேட்காமலேயே, தேய்த்து முடித்த நிலையில் ஏராவைப் படம் எடுத்துச் செயலாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தார்.

கடலுக்குப் போன பிறகு தெரிந்த குறை ஒன்று. முதல் வள்ளத்தின் உள்பக்கத்தில், புதிய மேட் போட்ட இடத்தில் இழை முனைகள் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தன. வலையை இழுக்கும்போது கண்ணிகள் அதில் மாட்டின. ஒருவருக்கு உள்ளங்கை கிழிந்தது. அவர்களே உப்புத்தாள் வாங்கித் தேய்த்துக்கொண்டார்கள்.

முதல் வரைவும் அதை ஏன் அனுப்பவில்லை என்பதும்

வள்ளம் வந்த அன்றே உறுப்பினர் ஒருவர் கோபத்தோடு எழுதிக் கொடுத்த வரைவில் இப்படி இருந்தது: 'வேலை திருப்தியாக இல்லை. சொன்ன தேதியில் கொடுக்காததால் தடைக்காலத் தொழிலே போய்விட்டது. கணக்கிலும் ஏமாற்றம். இனிமேல் இப்படி நடந்தால் வேலை கொடுக்க மாட்டோம்.' அதில் இருந்த வருத்தம் உண்மையானது. ஆனால் இதைப் படிக்கும் மேஸ்திரி நாளைக் காலையில் பட்டறையைத் திறந்தவுடன் எதை மாற்றிச் செய்வார் என்று கேட்டால் பதில் இல்லை. எந்த வேலை, எந்த இடம், எத்தனை நாள், எவ்வளவு ரூபாய் என்ற எதுவும் அதில் இல்லை. மேலும், 'தடைக்காலத் தொழிலே போய்விட்டது' என்பது சரியல்ல. வள்ளம் 16ஆம் தேதி வந்தது. 17ஆம் தேதி ஓட்டிப் பார்த்தோம். 18ஆம் தேதி தொழிலுக்குப் போனது. தடைக்காலத்தில் போனது 15, 16, 17 ஆகிய மூன்று நாள் தொழில். மூன்று நாள் என்று எழுதினால் மேஸ்திரியால் மறுக்க முடியாது. தொழிலே போயிற்று என்று எழுதினால் அந்த ஒரு மிகையைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்.

செயலாளரும் நானும் நோட்டுப் புத்தகத்தின் ஒப்பந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறையையும் அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டோம். இந்த நிகழ்வில் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடியது இந்த ஒப்பீடுதான் என்று நினைக்கிறேன். ஒரு குறையைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி, 'இதை நாம் கேட்டோமா, அவர் ஒப்புக்கொண்டாரா?' என்பது. தேதியைக் கேட்டோம், ஒப்புக்கொண்டார், நடக்கவில்லை. ஆகவே தாமதத்தைக் குறை என்று நேரடியாகச் சொல்லலாம். தொகையும் அப்படியே. ஒட்டில் காற்று சிக்கியதற்குத் தனியாக ஒப்பந்தம் தேவையில்லை; பழுதுபார்த்தல் என்ற சொல்லுக்குள்ளேயே அது அடங்கும். ஆனால் உள்பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கித் தர வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. வாய்மொழியாகவும் யாரும் கேட்கவில்லை. பல பட்டறைகள் உள்பக்கத்தைத் தேய்ப்பதில்லை என்பதும் உண்மை. கேட்காத ஒன்றைச் செய்யவில்லை என்று குற்றம் சொன்னால், கேட்டதைச் செய்யாதது பற்றிய நியாயமான பேச்சும் வலுவிழந்துவிடும். ஆகவே அதைக் குறைகளிலிருந்து எடுத்து, அடுத்த முறைக்கான எதிர்பார்ப்பில் வைத்தோம். கை கிழிந்தவர் முதலில் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய காயத்தைக் கடிதத்தில் குறிப்பிட்டு, அடுத்த முறை ஏன் அந்த வேலையைக் கேட்கிறோம் என்பதற்குக் காரணமாக எழுதிய பிறகு சமாதானமானார்.

அதே பக்கம் குழுவின் தவறையும் காட்டியது. மார்ச் 24 அன்று கொடுக்க வேண்டிய 20,000 ரூபாயைக் குழு 29ஆம் தேதிதான் கொடுத்திருந்தது. எட்டு நாள் தாமதத்தில் ஐந்து நாள் அதனால் வந்திருக்கலாம் என்று மேஸ்திரி சொல்ல இடம் உண்டு. அவர் சொல்வதற்கு முன் நாமே எழுதிவிட வேண்டும் என்று செயலாளர் சொன்னார். அது சரியான முடிவு.

புதிய ஜெல்கோட்டின் நீலம் பழைய நீலத்தோடு ஒத்துப்போகவில்லை என்ற குறையை விட்டுவிட்டோம். தொழிலுக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை. சிறிய குறைகளையும் சேர்த்துக் கடிதத்தை நீட்டினால், படிப்பவர் எல்லாவற்றையும் ஒரே எடையில் பார்ப்பார்.

பணத்தையும் கருத்தையும் பிரித்தது

மீதி 12,000 ரூபாயைக் கடிதம் முடியும்வரை பிடித்து வைக்கலாம் என்ற யோசனை வந்தது. நான் அதை எதிர்த்தேன். ஒப்புக்கொண்ட தொகை ஒப்புக்கொண்ட நேரத்தில் போய்விட வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு குறை சொன்னால், பணம் கொடுக்காமல் இருக்கக் காரணம் தேடுகிறார்கள் என்றுதான் எந்த வியாபாரியும் எடுத்துக்கொள்வார். குறையின் உள்ளே போய்ப் பார்க்க மாட்டார். வள்ளம் எடுத்த நாளன்றே 12,000 கொடுக்கப்பட்டது. முன்னறிவிப்பு இல்லாமல் வந்த 5,800 மட்டும் பேசி முடிக்க வேண்டியதாக நிறுத்தி வைக்கப்பட்டது. வேலை அடியோடு தவறி, வள்ளம் கடலுக்குப் போக முடியாத நிலை இருந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது பணத்தை நிறுத்துவதுதான் முறை.

கடிதத்தை உடனே கொடுக்கவில்லை. சில முறை கடலுக்குப் போய் வந்தபின், ஏப்ரல் 28 அன்று கொடுத்தோம். எடுத்த அன்றே எழுதியிருந்தால் இழை முனைகளைப் பற்றித் தெரிந்திருக்காது. பின்பலகை உறுதியாக நிற்கிறது என்று பாராட்டவும் முடிந்திருக்காது. மாதக் கணக்கில் தள்ளியிருந்தால், எந்த வெயிலில் எந்த அடுக்கைப் போட்டோம் என்பது மேஸ்திரிக்கே மறந்திருக்கும்.

கொடுத்த கடிதம்

மதிப்பிற்குரிய மேஸ்திரி அண்ணன் அவர்களுக்கு, வணக்கம். மார்ச் மாதம் தங்களிடம் கொடுத்த இரண்டு வள்ளங்களும் இப்போது தொழிலில் இருக்கின்றன. வேலையைப் பற்றி எங்கள் கருத்தை நேரில் சொல்வதோடு எழுத்திலும் தருகிறோம். அடுத்த வேலையையும் தங்களிடமே கொடுக்க விரும்புவதால் இதை எழுதுகிறோம்.

முதல் வள்ளத்தின் ஏரா வேலை மிக நன்றாக இருக்கிறது. முழு நீளத்திலும் நாணயத்தால் தட்டிப் பார்த்தோம். எங்கும் ஒலி மாறவில்லை. ஒட்டு விளிம்பு தெரியவில்லை. தேய்த்த நிலையில் தாங்கள் அனுப்பிய படம் எங்களுக்குப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. அந்த வள்ளம் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பே வந்தது. இரண்டாவது வள்ளத்தின் பின்பலகை முழு வேகத்திலும் அசையாமல் நிற்கிறது.

சரியாக அமையாதவை மூன்று. இரண்டாவது வள்ளம் ஏப்ரல் 8க்குப் பதிலாக 16 அன்று வந்தது. எங்கள் இரண்டாம் தவணை ஐந்து நாள் தாமதமாக வந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை ஏற்கிறோம். எங்களுக்கு அதிகச் சிரமம் தந்தது, தாமதம் பற்றிய செய்தி 8ஆம் தேதி நாங்கள் கேட்ட பிறகே தெரிந்ததுதான். முன்பே தெரிந்திருந்தால் அந்த வள்ளத்தின் ஆட்களை வேறு வள்ளத்தில் ஏற்றியிருப்போம். தடைக்காலத்தில் மூன்று நாள் தொழில் போயிற்று. அடுத்து, பின்பலகையின் உள்பக்க இடது கீழ்மூலையில் உள்ளங்கை அளவு இடத்தில் ஒலி மழுங்குகிறது. பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம். தாங்கள் வந்து பார்த்துச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மூன்றாவதாக, சீட்டில் ஒப்புக்கொண்டதைவிட 5,800 ரூபாய் அதிகம் உள்ளது. எந்த வேலைக்கு எவ்வளவு என்ற விவரம் தந்தால் பேசி முடித்துக்கொள்ளலாம்.

அடுத்த வேலையில் எங்கள் எதிர்பார்ப்பு இவை. தேதி தள்ளும் என்று தெரிந்தால் குறைந்தது மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும். ஏரா வேலைக்கு அனுப்பியதுபோல ஒவ்வொரு வேலையிலும் மூடுவதற்கு முன் ஒரு படம் வேண்டும். 1,000 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு வந்தால், வேலையைத் தொடங்கும் முன் செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் தொகையைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். உள்பக்கத்தில் புதிய மேட் போட்ட இடத்தைத் தேய்த்து, கை பட்டால் குத்தாதபடி தர வேண்டும். இந்த முறை இதை நாங்கள் கேட்கவில்லை, ஆனால் வலை மாட்டியதோடு ஒருவருக்குக் கையும் கிழிந்ததால் அடுத்த முறை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள விரும்புகிறோம். எங்கள் தவணை சொன்ன தேதியில் வரும். தங்கள் பக்கத்தில் எங்களால் ஏற்பட்ட சிரமம் ஏதாவது இருந்தால் அதையும் தாங்கள் சொல்ல வேண்டும்.

கடிதத்தில் பாராட்டை முதலில் வைத்தது மரியாதைக்காக மட்டும் அன்று. 'படம் அனுப்பியது நல்லது' என்று தனியாகச் சொன்னதால்தான், அடுத்த பத்தியில் 'எல்லா வேலைக்கும் படம் வேண்டும்' என்று கேட்க முடிந்தது. அவரிடமிருந்தே எடுத்து அவரிடமே கேட்கும் எதிர்பார்ப்புக்கு மறுப்பு வருவதில்லை. பொதுவாக 'நல்ல வேலை' என்று மட்டும் பாராட்டியிருந்தால் எதைத் தொடர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

நேரில் பேசியது

செயலாளர் தனியாகப் போனார். பட்டறையில் வேலையாட்கள் இருக்கும் நேரத்தைத் தவிர்த்து, மாலை வேலை முடிந்தபின் போனார். முதலில் வாயால் சொல்லிவிட்டு, பிறகு கடிதத்தைக் கையில் கொடுத்தார். குழுவின் வாட்ஸ்அப்பில் அதைப் போடக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம்.

தாமதம் பற்றி மேஸ்திரி வாதாடவில்லை. 'தம்பி, ரெசின் மதுரையிலருந்து வர லேட்டாயிருச்சு. சொல்லிருக்கணும், சொல்லல. இன்னைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு நானே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்' என்றார். செய்தி சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அலட்சியம் என்று குழுவில் பலர் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது எப்படியாவது முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. கடிதத்தில் 'அலட்சியம்' என்ற சொல் இருந்திருந்தால் இந்த விளக்கம் வந்திருக்காது. அவர் அந்தச் சொல்லுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். நடந்ததை எழுதி, ஏன் நடந்தது என்பதை அவர் சொல்ல விட்டதால் காரணம் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து அவரே கிரைண்டரோடு வடகடல் கரைக்கு வந்தார். பென்சில் கோட்டுக்குள் தேய்த்துத் திறந்தபோது, இரண்டு மேட் அடுக்குகளுக்கு நடுவே வெள்ளையாகக் காற்றுக் கொப்புளங்கள் இருந்தன. மரத்தைத் தொட்டுப் பார்த்தோம், காய்ந்திருந்தது. ஈரம் இருந்திருந்தால் பலகை முழுவதையும் மறுபடி திறக்க வேண்டியிருந்திருக்கும். காரணத்தையும் அவரே சொன்னார். தாமதத்தை ஈடுகட்ட அந்த மூலையை உச்சி வெயிலில் போட்டிருக்கிறார்கள். மேட்டை ஒட்டவைக்கும் ரெசினில், அதை இறுகவைக்கச் சேர்க்கும் ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை இருக்கலாம்; வெயில் ஏற ஏற அதைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரோலரால் காற்றை வெளியேற்றுவதற்குள் ரெசின் இறுகிவிடும். அவசரத்தில் காலை அளவையே நண்பகலிலும் போட்டிருக்கிறார்கள். ஆக, தனித்தனியாக நாங்கள் எழுதிய இரண்டு குறைகளும் ஒன்றின் தொடர்ச்சி: தாமதம் அவசரத்தைக் கொண்டுவந்தது, அவசரம் கொப்புளத்தைக் கொண்டுவந்தது. சாய்வாகத் தேய்த்து, மறுநாள் விடியற்காலையில் மேட் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பணம் கேட்கவில்லை. இனிமேல் வெயில் காலத்தில் மேட் வேலையைக் காலை பத்து மணிக்குள் முடிப்பதாகவும் சொன்னார். அது நாங்கள் எதிர்பார்ப்பில் எழுதாதது, எழுதவும் தெரிந்திருக்காது.

பணத்தில்தான் கருத்து மாறுபட்டது. பின்பலகையைத் திறந்தபோது, உளுத்த பகுதி வெளியே தெரிந்ததைவிடக் கீழே இறங்கியிருந்ததாகவும், அன்று பட்டறைக்கு வந்த ஓட்டுநரிடம் சொன்னதாகவும் மேஸ்திரி கூறினார். ஓட்டுநர் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் தொகை சொல்லப்படவில்லை என்றார். இரண்டும் உண்மை. யாரிடம் சொன்னால் குழுவுக்குச் சொன்னதாகும் என்பது ஒப்பந்தத்தில் இல்லாததுதான் இந்தச் சிக்கலின் வேர். கூடுதல் பலகை, மேட், ரெசின் ஆகியவற்றுக்கான 4,100 ரூபாயைக் குழு கொடுத்தது. கூலியான 1,700 ரூபாயை மேஸ்திரி விட்டுக்கொடுத்தார். இனிமேல் கூடுதல் செலவுக்குச் செயலாளர் ஒருவர் சொல்லே போதும், வேறு யார் சொன்னாலும் செல்லாது என்று எழுதிக்கொண்டார்கள்.

கடிதத்தின் கடைசி வரிக்கு அவர் தந்த பதிலும் பயனுள்ளது. வள்ளங்கள் உப்பும் மணலுமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்ததால் கழுவிக் காயவைக்கவே மூன்று நாள் போயிற்று என்றார். ஈரமும் எண்ணெயும் இருக்கும் பைபரில் புதிய மேட் ஒட்டாது. அடுத்த முறை எஞ்சினையும் வலையையும் இறக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு வாரம் வெயிலில் கவிழ்த்து வைத்துக் கொண்டுவந்தால் அந்த நாட்கள் மிச்சமாகும் என்று கேட்டார். குழு ஒப்புக்கொண்டது.

அடுத்த வேலையில் நடந்தது

தடைக்காலம் முடிந்தபின் குழுவின் மூன்றாவது வள்ளம் அதே பட்டறைக்குப் போனது. வள்ளத்தின் முன்பகுதியான அணியத்தில் பாறை மோதிய வெடிப்பு. கழுவிக் காயவைத்தே கொடுத்தார்கள். தவணை தேதியில் போயிற்று. வேலை இந்த முறையும் சொன்ன தேதியைவிட இரண்டு நாள் தள்ளியது. ஆனால் நான்கு நாள் முன்பே மேஸ்திரி தொலைபேசியில் சொல்லிவிட்டார், அந்த வள்ளத்து ஆட்கள் அந்த இரண்டு நாளும் வேறு வள்ளத்தில் போனார்கள். மூடுவதற்கு முன் இரண்டு படங்கள் வந்தன. நாணயம் தட்டியதில் எங்கும் ஒலி மாறவில்லை. கூடுதல் செலவு இல்லை.

உள்பக்கத் தேய்ப்பு இன்னும் முடிவாகவில்லை. தேய்த்துத் தந்தார், கையில் குத்தவில்லை. ஆனால் அது ஒரு ஆளின் முழு நாள் வேலை என்பதால் அடுத்த வேலையிலிருந்து அதற்குத் தனியாக 900 ரூபாய் கேட்கிறார். கேட்பது நியாயம் என்பது என் கருத்து. நாங்களே தேய்த்துக்கொள்ளலாம் என்று குழுவில் இருவர் சொல்கிறார்கள். வரும் கூட்டத்தில் முடிவெடுத்து, எதுவானாலும் ஒப்பந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்வதாக இருக்கிறார்கள்.